ப்ரோக்ரஸிவ் போட்டால் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது: ஆஃபீஸ் லென்ஸுக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க இரண்டு மானிட்டர் முன்னால்தான். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸாக இருக்கும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடியை ஆறு மாதத்துக்கு முன் வாங்கினேன். தெருவில் நடக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் நன்றாக இருக்கிறது, போனும் படிக்க முடிகிறது. மானிட்டரைப் பார்க்க மட்டும் தாடையைத் தூக்கியே உட்கார வேண்டியிருக்கிறது, மாலையானால் பின்கழுத்து வலிக்கிறது. இதைவிட விலை கூடிய "அகலமான" ப்ரோக்ரஸிவ் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். கூட வேலை பார்ப்பவர் ஆஃபீஸ் லென்ஸ் போடச் சொல்கிறார். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாதாமே? என் பவர்: வலது +0.75, இடது +1.00, அடிஷன் +2.00, சிலிண்டர் இல்லை. எது எனக்குச் சரி?

பதில்: தூரப்பார்வையை விட்டுவிட்டுத் திரைக்கும் காகிதத்துக்கும் என்று செய்யப்படும் ஆஃபீஸ் லென்ஸ் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் இரண்டாவது கண்ணாடியாக. இப்போது இருக்கும் ப்ரோக்ரஸிவைத் தூக்கிப் போட வேண்டாம். விலை கூடிய இன்னொரு ப்ரோக்ரஸிவும் வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கண்ணாடி சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தவறாகப் பொருத்திய ப்ரோக்ரஸிவும் இதே தொந்தரவைத்தான் கொடுக்கும்.

வழக்கமாக உட்காருவதுபோல உட்காருங்கள். தாடையைத் தூக்காமல் மானிட்டரின் நடுவில் ஒரு வரியைப் பாருங்கள். அது மங்கலாக இருக்கும்போதே, ஃப்ரேமை இரு கையாலும் பிடித்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்குங்கள். அவ்வளவு சின்ன அசைவிலேயே எழுத்து பளிச்சென்று தெளிந்தால், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கலாம். கண்ணாடியை வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள். ஒவ்வொரு ப்ரோக்ரஸிவ் லென்ஸிலும், 34 மி.மீ. இடைவெளியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இரண்டு சின்னக் குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வைத்துக் கடைக்காரரால் பொருத்தும் புள்ளியை மறுபடி மையால் வரைய முடியும். அதோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தால் அந்தப் புள்ளி கண்மணியின் நடுவில் விழ வேண்டும். 2 மி.மீ. கீழே விழுகிறதென்றால் மூக்குப் பேடை நெருக்கியோ, காதுக் கம்பியின் வளைவைச் சரிசெய்தோ தூக்கிவிடலாம். காசில்லாமல் தீரும் கோளாறு இது. மூக்கில் வியர்த்து வழுக்கும் பிளாஸ்டிக் ஃப்ரேம்களில், வாங்கிய அன்று சரியாக இருந்ததுகூட ஆறு மாதத்தில் இப்படி இறங்கிவிடும்.

புள்ளி கண்மணியின் நடுவில்தான் இருக்கிறது, ஆனாலும் தூக்கினால்தான் தெளிகிறது என்றால், பொருத்தியதில் குறை இல்லை. ப்ரோக்ரஸிவின் அமைப்பே அப்படி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொல்லும் "அகலம்" பற்றிய முடிவும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்கத் தேவையான பவரைக் கணக்கிடுவது சுலபம்: 1-ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். கையில் பிடித்த காகிதம் 40 செ.மீ.யில் இருந்தால் 2.50 டயாப்டர் தேவை. உங்கள் அடிஷன், அதாவது படிப்பதற்காகத் தூரப்பார்வை பவரோடு கூட்டும் பவர், 2.00 என்பதால் மீதி 0.50-ஐ உங்கள் கண்ணே கொடுக்கிறது. வெள்ளெழுத்து வந்த பிறகும் கண்ணில் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்கும், அதைச் சிரமம் இல்லாமல் செலவு செய்யும் அளவு இது. இனி மானிட்டருக்கு வாருங்கள். அது 68 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், தேவை ஏறக்குறைய 1.50. அதே 0.50-ஐக் கண் கொடுத்தால், லென்ஸ் கொடுக்க வேண்டியது சுமார் 1.00. அதாவது உங்கள் அடிஷனில் பாதி.

அந்தப் பாதி லென்ஸில் எங்கே இருக்கிறது? ப்ரோக்ரஸிவில் கண்மணிக்கு நேராக இருப்பது தூரப்பார்வை. அங்கிருந்து பவர் படிப்படியாக ஏறி, சுமார் 14 மி.மீ. கீழே போனதும் படிக்கும் பவர் கிடைக்கும். (சில டிசைன்களில் இந்த நீளம் 11 மி.மீ., சிலவற்றில் 18 வரை.) ஆக, உங்களுக்கு வேண்டிய +1.00 நேர்ப்பார்வைக்கு 7 மி.மீ. கீழே இருக்கிறது. லென்ஸுக்கும் கண் சுழலும் மையத்துக்கும் இடையே சுமார் 27 மி.மீ. இருக்கும். அந்தக் கணக்கில், 7 மி.மீ. கீழே பார்க்கக் கண்ணை ஏறக்குறைய 15 டிகிரி தாழ்த்த வேண்டும். 68 செ.மீ. தூரத்தில் 15 டிகிரி என்பது கண் மட்டத்துக்கு 18 செ.மீ. கீழே. தாடையைத் தூக்காமல் பார்த்தால் மானிட்டரில் உங்களுக்கு நன்றாகத் தெரியும் பட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

24 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 30 செ.மீ. மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்வார்கள். வெள்ளெழுத்து வராதவர்களுக்கு அது சரிதான். ப்ரோக்ரஸிவ் போட்டவருக்கு அப்படி வைத்தால், மேலே இருக்கும் மெனுவையும் முதல் சில வரிகளையும் தூரப்பார்வைப் பகுதி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே கணினிக்கான பவர் கிடையாது. அதனால் தலை தானாகவே பின்னால் சாய்ந்து, லென்ஸின் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவருகிறது. எட்டு மணி நேரம் இப்படிச் சாய்ந்திருந்தால் பின்கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே இன்றே செய்ய வேண்டிய இரண்டாவது வேலை, மானிட்டரை இறக்குவது. அடியில் ஸ்டாண்டோ புத்தகமோ வைத்து உயர்த்தியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு 5 முதல் 8 செ.மீ. வரை கீழே வரட்டும். திரையின் மேல்பக்கம் உங்களை விட்டு லேசாக விலகும்படி அதைப் பின்னால் சாய்த்து வையுங்கள். இரண்டு மானிட்டர்களையும் ஒரே உயரத்தில் வையுங்கள். ஒரு வாரம் இப்படி இருந்து பார்த்து, கழுத்து வலி நின்றுவிட்டால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. லேப்டாப்பில் மட்டும் வேலை செய்பவர்கள் ப்ரோக்ரஸிவோடு இந்தத் தாடைப் பிரச்சினையைச் சொல்வது குறைவு என்பதற்கும் காரணம் இதுதான். லேப்டாப் திரை இயல்பாகவே தாழ்ந்தும் கிட்டவும் இருக்கும். (குனிந்து உட்காரும் தொல்லை அவர்களுக்குத் தனி.)

மானிட்டரை இறக்குவது உயரப் பிரச்சினையை மட்டும்தான் தீர்க்கும், அகலம் தீராது. இரண்டு திரை வைத்திருக்கும் உங்களுக்கு அடுத்து உறுத்தப்போவது அதுதான்.

ப்ரோக்ரஸிவில் தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் நடுவே உள்ள வழியைக் காரிடார் என்பார்கள். பவர் மேலிருந்து கீழாக மாறுவதற்கு லென்ஸ் ஒரு விலை கொடுக்கிறது. அந்த வழியின் இரு பக்கமும் சிலிண்டர் போல ஒரு திசையில் மட்டும் கூடும் தேவையற்ற பவர் முளைக்கும், எழுத்தின் ஓரம் இழுத்ததுபோல மங்குவது அதனால்தான். மிங்க்விட்ஸ் என்பவர் 1963-ல் இதற்கு ஒரு கணிதத் தொடர்பைக் காட்டினார்: காரிடாரில் ஒரு மில்லிமீட்டருக்குப் பவர் எவ்வளவு மாறுகிறதோ, அதன் இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் அந்தக் கோளாறு வளரும். எந்த நிறுவனத்தின் லென்ஸும் காரிடாரையொட்டி இதை மீற முடியாது.

உங்கள் லென்ஸில் 2.00 டயாப்டர் 14 மி.மீ.யில் ஏறுகிறது, மில்லிமீட்டருக்கு 0.14. பக்கவாட்டில் அது 0.28. அரை டயாப்டர் கோளாறு வரை கண் பெரிதாகக் கண்டுகொள்ளாது என்று எடுத்துக்கொண்டால், நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 1.75 மி.மீ., அந்தப் பக்கம் 1.75 மி.மீ. மொத்தம் 3.5 மி.மீ. அகல வழி. இதையே 68 செ.மீ. தள்ளியுள்ள திரையில் விரித்துப் பார்த்தால் சுமார் 9 செ.மீ. வரும். 24 அங்குலத் திரையின் அகலம் 53 செ.மீ. அதாவது, தலையை அசைக்காமல் கூர்மையாகப் படிக்க முடிவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் ஒரேயடியாக இருட்டிவிடாது, மெல்ல மெல்ல மங்கும். எண்கள் நிறைந்த அட்டவணையில் 3-ஆ 8-ஆ என்று தயங்க வைக்க அந்த மங்கல் போதும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் தலை இடமிருந்து வலமாகத் திரும்பும்.

இப்போது கடைக்காரரின் யோசனையைப் பாருங்கள். விலை கூடிய ப்ரோக்ரஸிவில் உண்மையான வசதிகள் இருக்கின்றன. ஃப்ரேமின் சாய்வு, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி இவற்றுக்கேற்பப் பவரைத் திருத்துவார்கள். ஓரத்து அலைவையும் குறைப்பார்கள். அதிகப் பவரோ சிலிண்டரோ உள்ளவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். உங்கள் +0.75-க்கு அந்தத் திருத்தம் அற்பம். அடிஷன் அதே 2.00, காரிடாரும் அதே நீளம் என்றால் நடுப்பகுதி 9 செ.மீ.யிலிருந்து 25 ஆகிவிடாது. காரிடாரை நீளமாக்கினால் கொஞ்சம் அகலும், ஆனால் படிக்கும் பகுதி இன்னும் கீழே போய்விடும். அதோடு, கண்ணுக்கு நேராக இருப்பது அப்போதும் தூரப்பார்வைதான். தாடைப் பிரச்சினை போகாது.

ஆஃபீஸ் லென்ஸ் வேறு வழியில் போகிறது. அது தூரப்பார்வையை விட்டுக்கொடுத்து இடம் வாங்குகிறது. கீழே உங்கள் முழுப் படிக்கும் பவர் இருக்கும்: வலது +2.75, இடது +3.00. அங்கிருந்து மேலே போகப்போகப் பவர் குறையும், ஆனால் தூரப்பார்வை வரை குறையாது, நடுவிலேயே நின்றுவிடும். எவ்வளவு குறைகிறது என்பதை டிகிரஷன் என்பார்கள். ஆர்டர் செய்யும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான எண் இதுதான்.

உங்களுக்கு டிகிரஷன் 0.75 என்று வைத்தால், லென்ஸின் உச்சியில் 1.25 அடிஷன் மிச்சம் இருக்கும், 80 செ.மீ. வரைதான் கூர்மை. திரையும் காகிதமும் அருமையாக இருக்கும், ஆனால் எதிரே வந்து நிற்பவரின் முகம் மங்கும். 1.25 என்று வைத்தால் உச்சியில் 0.75 மிச்சம், 1.33 மீட்டர் வரை தெளிவு. 2 மீட்டரில் இருப்பவர் கால் டயாப்டர் அளவுக்குத்தான் மங்குவார், முகபாவம் தெரியும். 1.75 என்று வைத்தால் உச்சியில் 0.25 மட்டுமே, 4 மீட்டர் வரை தெரியும், சின்ன மீட்டிங் அறைக்குப் போதும். கேட்டதும் கடைசியது பிடித்துப்போகும், எல்லாம் தெரிகிறதே என்று. ஆனால் மேலே சொன்ன கணக்கு இங்கும் விடாது. பவர் மாற்றம் கூடக்கூட அகலம் குறைந்து, லென்ஸ் மறுபடி ப்ரோக்ரஸிவின் சாயலுக்கே போய்விடும்.

உங்கள் வேலைக்கு 1.25 என்பேன். அந்த மாற்றம் 20 மி.மீ. நீளத்தில் பரவியிருந்தால் மில்லிமீட்டருக்கு 0.06-தான். பக்கத்தில் 0.12. இரு பக்கமும் 4 மி.மீ. வீதம் 8 மி.மீ. அகல வழி கிடைக்கும், திரையில் அது சுமார் 21 செ.மீ. வரும். ப்ரோக்ரஸிவில் கிடைத்ததைப்போல இரு மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், கண்ணுக்கு நேரே இருப்பது 1.00 முதல் 1.25 வரையிலான அடிஷன். திரைக்கு வேண்டியது அங்கேயே இருப்பதால் தாடைக்கு வேலை இல்லை. இரண்டாவது திரைக்குத் தலையைத் திருப்பத்தான் வேண்டும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அல்ல.

வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க மலிவான வழி உண்டு. கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் படிக்கும் கண்ணாடியில் +2.00 எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலது கண்ணுக்கு அது 1.25 அடிஷன், இடதுக்கு 1.00. ப்ரோக்ரஸிவைக் கழற்றிவிட்டு இதோடு ஒரு முழு நாள் திரை வேலை பாருங்கள். தாடை இறங்கி, மாலையில் கழுத்தும் லேசாக இருந்தால், வலிக்குக் காரணம் கண்ணாடிதான் என்று உறுதி. இதிலும் வலி அப்படியே இருந்தால் நாற்காலியையோ கழுத்தையோ பார்க்க வேண்டும், எந்த லென்ஸும் உதவாது. சிலிண்டர் இல்லாமலும் இரு கண்ணுக்கும் கால் டயாப்டர் வித்தியாசத்தோடும் இருப்பதால்தான் உங்களுக்கு இந்தச் சோதனை சாத்தியம். பவர் அதிகம் வேறுபடுபவர்களுக்குக் கடையில் டிரையல் ஃப்ரேமில் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

அந்த +2.00 கண்ணாடியே உங்களுக்குப் போதும் என்று தோன்றினாலும் ஆச்சரியமில்லை. காகிதமே தொடாமல் திரையை மட்டும் பார்த்து வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாகப் பெரிய திரையோ மூன்று திரைகளோ வைத்திருப்பவர்களுக்கு, கணினி தூரத்துக்கென்று போட்ட சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸ் ஆஃபீஸ் லென்ஸைவிட நல்லது. விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே பவர், காரிடாரே கிடையாது. தூரப்பார்வை பவரோடு 1.25 சேர்த்து உங்களுக்குச் செய்தால் 80 செ.மீ.யிலிருந்து 57 செ.மீ. வரை சிரமமில்லாமல் தெரியும். ரசீதையும் வவுச்சரையும் 40 செ.மீ.யில் வைத்துப் படிக்கும்போதுதான் தடுக்கும். கணக்கு வேலையில் அது நாள் முழுக்க நடக்கும் என்பதால் உங்களுக்கு ஆஃபீஸ் லென்ஸைச் சொல்கிறேன். முழுப் படிக்கும் கண்ணாடியைப் போட்டுத் திரை பார்க்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். அது 50 செ.மீ.க்கு அப்பால் மங்கும், முகத்தைத் திரைக்குள் நுழைக்க வைக்கும்.

உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. 45 வயதைத் தொட்டு அடிஷன் 1.25-க்குள் இருப்பவருக்கு ப்ரோக்ரஸிவ் ஒன்றே போதும். அதே 14 மி.மீ. காரிடாரில் அவருக்குக் கிடைக்கும் அகலம் திரையில் 14 செ.மீ.க்கு மேல். கண்ணிலும் சொந்தச் சக்தி கூடுதலாக இருப்பதால், திரையைத் தூரப்பார்வைப் பகுதிக்கு அருகிலேயே வைத்துச் சமாளித்துவிடுவார். அடிஷன் 1.75-ஐத் தாண்டி, நாளில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஆஃபீஸ் லென்ஸின் பயன் தெளிவாகத் தெரியும். வயது 60-ஐ நெருங்கி அடிஷன் 2.50 ஆகும்போது இன்னும் அதிகம்.

மறுபக்கம், வயது கூடியிருந்தாலும் நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பவர், கவுன்ட்டருக்கு அப்பால் வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பவர், வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை பார்க்க வேண்டிய ஆசிரியர் ஆகியோருக்கு ஆஃபீஸ் லென்ஸ் தொல்லைதான். கழற்றி மாட்டியே நாள் போய்விடும். அவர்கள் ப்ரோக்ரஸிவை வைத்துக்கொண்டு திரையை இறக்கட்டும். மைனஸ் பவர்காரர்களுக்குச் சில சமயம் எதுவுமே வேண்டாம். சிலிண்டர் இல்லாமல் இரு கண்ணிலும் -1.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால், 67 செ.மீ.யில் உள்ளது தானாகவே தெளிவாகத் தெரியும். பணம் கொடுத்துக் கணினிக் கண்ணாடி வாங்குமுன் அவர்கள் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

வண்டி விஷயத்தில் உங்களுக்குச் சொன்னது சரி. ஆஃபீஸ் லென்ஸில் எந்த மூலையிலும் தூரப்பார்வை பவர் இல்லை. நான் சொன்ன 1.25 டிகிரஷனில், உச்சியில்கூட 0.75 அதிகமாக இருக்கும், தூரத்துப் பெயர்ப்பலகை மங்கும். இரு சக்கரமோ நான்கு சக்கரமோ, அதைப் போட்டுக்கொண்டு ஓட்டவே கூடாது. படிக்கட்டிலும் கவனம் வேண்டும். குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்க்கும்போது லென்ஸின் கீழ்ப்பகுதியில் முழுப் படிக்கும் பவர் குறுக்கே வரும், படியின் விளிம்பு கலங்கும். அதனால் ஆஃபீஸ் கண்ணாடியை மேஜையிலேயே விட்டு வைத்து, எழும்போது ப்ரோக்ரஸிவை மாட்டிக்கொள்ளும் பழக்கம்தான் பாதுகாப்பு. இரண்டையும் வேறு வேறு நிற ஃப்ரேமில் வாங்கினால் அவசரத்தில் மாறிப்போகாது.

கடைக்குப் போகுமுன் அளந்துகொண்டு போக வேண்டியது நான்கு தூரம். வேலைக்கு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்து, உடல் அதன் வழக்கமான சரிவுக்கு வந்த பிறகு, இன்னொருவரிடம் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள், கணக்கு தவறும். வெளிக்கண் ஓரத்திலிருந்து முதல் திரையின் நடு வரை, இரண்டாவது திரையின் தூரத்து விளிம்பு வரை, காகிதம் வைக்கும் இடம் வரை, தினமும் முகம் பார்த்துப் பேசும் ஆள் வரை. கூடவே, மானிட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு எத்தனை செ.மீ. கீழே என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐந்து எண் இல்லாமல் "கம்ப்யூட்டருக்கு ஒரு கண்ணாடி" என்று கேட்டால், கடையில் ஏதோ ஒரு டிகிரஷனை அவர்களே தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

ஃப்ரேமையும் யோசித்து எடுங்கள். மேலும் கீழும் பவர் பரவ வேண்டும் என்பதால் லென்ஸுக்கு உயரம் வேண்டும். கண்மணிக்குக் கீழே 18 மி.மீ.யாவது இருப்பதும், மேலேயும் 10 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பதும் நல்லது. ஒல்லியான ஃப்ரேமில் படிக்கும் பகுதியோ எதிராளி முகம் தெரியும் பகுதியோ வெட்டுப்பட்டுப் போகும். எதிரொளி குறைக்கும் பூச்சு அவசியம் போடுங்கள், ஜன்னலும் விளக்கும் லென்ஸின் பின்பக்கம் பிரதிபலிப்பது குறையும். நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குக் கூடுதல் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கண் களைப்பைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆஃபீஸ் லென்ஸ் ஆர்டரில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றுண்டு. சில தயாரிப்புகளைப் படிக்கும் பவரும் டிகிரஷனும் எழுதி ஆர்டர் செய்ய வேண்டும், சிலவற்றைத் தூரப்பார்வை பவரும் அடிஷனும் எழுதி. இரண்டும் குழம்பினால் முற்றிலும் வேறு லென்ஸ் வந்து சேரும். எனவே டெலிவரி எடுக்கும்போது, லென்ஸ்மீட்டரில் வைத்துக் கீழ்ப்பகுதியின் பவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு அது +2.75, +3.00 என்று வர வேண்டும். அங்கே +0.75 என்றோ +1.75 என்றோ வந்தால் போட்டுப் பழக வேண்டிய அவசியமே இல்லை, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

பவர் சரியாக இருந்தும் வசதிப்படவில்லை என்றால், உங்கள் தலை போகும் திசையே எங்கே தவறு என்று சொல்லிவிடும். திரை தெளிய இன்னும் தாடை மேலே போகிறது என்றால் நேர்ப்பார்வையில் பவர் போதவில்லை: லென்ஸ் தாழ்ந்திருக்கிறது, அல்லது டிகிரஷன் அதிகம். தாடையைத் தாழ்த்தினாலோ முகத்தைத் திரைப்பக்கம் கொண்டுபோனாலோதான் தெளிகிறது என்றால் நேரெதிர், பவர் கூடிவிட்டது அல்லது லென்ஸ் உயரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. தலையை ஒரு பக்கம் திருப்பினால்தான் தெளிகிறது என்றால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்குத் தலை திரும்புகிறதோ அந்தப் பக்கத்தில் கண்மணி தூரம் தவறாக எடுக்கப்பட்டிருக்கிறது. மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டியதை, மொத்தமாக அளந்து இரண்டால் வகுத்துப் போடும் கடைகளில் இது நேரும். ஒன்றரை வாரம் போட்ட பிறகும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தொடர்ந்தால், கடைக்காரரிடம் "சரிப்படவில்லை" என்று மட்டும் சொல்லாமல், தாடை மேலே போகிறதா, கீழே போகிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.